தறிக்குப் போகுமுன்பே போட்ட கணக்கு

சென்ற ஆண்டு எங்கள் கல்யாண நாளுக்கு என் மனைவிக்கு ஒரு போச்சம்பள்ளிச் சேலை வாங்கினேன். கடைக்காரர் கைத்தறி என்று சத்தியம் செய்யாத குறைதான். விலையும் கைத்தறி விலையே. வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தபோது, எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் தற்செயலாக வந்திருந்தார். முத்தியால்பேட்டையில் முப்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். சேலையைக் கையில் வாங்கினார். முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார். முந்தானை ஓரத்தில் தொங்கிய நூல் ஒன்றை இழுத்து உருவி, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"பாருங்க சார், இந்த நூல்ல சிவப்புக்கு நடுவுல புள்ளி புள்ளியா வெள்ளை தெரியுதா? வேற நூல் மேல ஏறிக் கிடந்த இடத்துல எல்லாம் சாயம் ஏறல. துணியா நெய்ஞ்ச பிறகு மேல அச்சு அடிச்சிருக்கான். இது போச்சம்பள்ளி இல்ல, போச்சம்பள்ளி மாதிரி."

என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. போன பணத்தைவிட, எழுபது வயதுக்கு மேலாகியும் ஒரு துணியைப் பார்த்து உண்மை எது, போலி எது என்று சொல்லத் தெரியவில்லையே என்ற வெட்கம்தான் காரணம். அடுத்த நாளிலிருந்து பெரியவரிடம் கேட்டும், படித்தும், தெலங்கானாப் பக்கம் போனபோது நேரில் பார்த்தும் நான் தெரிந்துகொண்டதை இந்தப் பதிவில் எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி. 'இக்கத்' என்பது மலாய், இந்தோனேசிய மொழிகளில் 'கட்டு' என்று பொருள்படும் சொல். அங்கிருந்து ஐரோப்பியர் எடுத்துக்கொண்டு உலகம் முழுதும் பரப்பினார்கள். நான் பிரெஞ்சில் படித்தவன் என்பதால், எனக்கு இந்த விஷயம் முதலில் வேறு பெயரில்தான் அறிமுகம். பள்ளி அகராதியில் 'ஷினே' என்றொரு வினைச்சொல் இருந்தது. நூலை நெய்வதற்கு முன்பே பல நிறங்களில் சாயமிடுவது என்று பொருள். 18ஆம் நூற்றாண்டில் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்கள் 'ஷினே அ லா பிராஞ்ஷ்' என்ற பெயரில் இதைச் செய்தார்கள். பாவு நூலைக் கற்றை கற்றையாகப் பிரித்து, கட்டி, சாயமிட்டு, பிறகு தறியில் ஏற்றினார்கள். அந்தக் கற்றைக்குத்தான் 'பிராஞ்ஷ்', அதாவது கிளை, என்று பெயர். அந்தப் பட்டில் பூக்களின் ஓரங்கள் தண்ணீரில் கரைந்ததுபோல் மங்கலாக இருக்கும். பிரபுக் குடும்பத்துப் பெண்கள் அந்த மங்கலையே அழகென்று விரும்பி அணிந்தார்கள்.

அந்த மங்கல் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் இந்தத் தொழிலே பாதி புரிந்துவிடும்.

சாதாரணமாக நாம் துணியில் கோலம் பார்க்கிறோம் என்றால், அது நெய்யும்போது நிறநூல் மாற்றிப் போட்டதாக இருக்கும், அல்லது நெய்த பிறகு மேலே அச்சடித்ததாக இருக்கும். இங்கே இரண்டும் இல்லை. துணி பிறப்பதற்கு முன்பே, வெறும் நூலாக இருக்கும்போதே, எந்த இடத்தில் சிவப்பு வர வேண்டும், எந்த இடத்தில் வெள்ளை நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, வெள்ளையாக நிற்க வேண்டிய இடங்களை இறுக்கிக் கட்டிவிட்டுச் சாயத்தில் முக்குகிறார்கள். கட்டுக்குள் சாயம் போகாது. கட்டை அவிழ்த்தால், ஒரே நூலில் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் வெள்ளை, மறுபடி சிவப்பு என்று இருக்கும். தனியாகப் பார்த்தால் அந்த நூலுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. நூற்றுக்கணக்கான நூல்கள் தத்தம் இடத்தில் சரியாகப் படுத்தால்தான் கோலம் தெரியும். ஒரு நூல் அரைக்கால் அங்குலம் முன்னே போனாலும், பின்னே போனாலும் கோலத்தின் ஓரம் பிசிறிவிடும். எல்லா நூலும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்தால் அதுதான் மங்கல்.

பாவு நூலை மட்டும் இப்படிச் சாயமிட்டால், பிசிறு துணியின் நீளவாக்கில் இருக்கும். ஊடை நூலை மட்டும் சாயமிட்டால், பிசிறு அகலவாக்கில் இருக்கும். இதை வைத்தே எந்த நூலைக் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். பாவு, ஊடை இரண்டையும் தனித்தனியாகக் கட்டிச் சாயமிட்டு, தறியில் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும்படி நெய்வது மூன்றாவது வகை. இந்தியா, இந்தோனேசியா, ஜப்பான் என்று உலகத்தில் மிகச் சில இடங்களில்தான் இது நடக்கிறது. குஜராத்தில் பாட்டன் நகரத்துப் பட்டோலா இந்த வகைதான். தெற்கே இதற்குப் பெயர் பெற்றது 'தேலியா ரூமால்'. நான் விவரமாகச் சொல்லப்போவது இதைப் பற்றித்தான்.

ரூமால் நமக்குப் புதிய சொல் அல்ல. நம் ஊர்ப் பெரியவர்கள் தலையில் கட்டிய உருமால்தான் அது. 'தேலியா' என்றால் எண்ணெய்த் தன்மை உள்ளது. எண்ணெய் ஊட்டிய நூலில் நெய்த சதுரத் துண்டு அது. அந்நாளில் இது பெயர்பெற்றிருந்த ஊர், இன்றைய ஆந்திரத்தில் கடற்கரையை ஒட்டிய சீராலா. 1953 வரை அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர்தான். அங்கு நெய்த உருமால்கள் பாரசீக வளைகுடா, அரேபியா, கிழக்கு ஆப்பிரிக்கா வரை கப்பலேறின. அங்கெல்லாம் அதைத் தலைப்பாகையாகவும் தோள்துண்டாகவும் கட்டினார்கள். எண்ணெய் ஏறிய நூல் மெத்தென்று இருக்கும், வெயிலில் தலைக்குக் குளிர்ச்சி என்பது அவர்கள் நம்பிக்கை. சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று மூன்றே நிறம். கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு வைரவடிவமோ, பூவோ, நட்சத்திரமோ இருக்கும்.

எண்ணெய் எதற்கு? வாசனைக்காக இல்லை. பருத்தி நூலில் சிவப்பு எளிதில் பிடிக்காது. அதனால் ஆமணக்குக் காய்த்தோலை எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த காரநீரை எடுத்து, அதில் எண்ணெயைக் கலந்து, நூலை அதில் போட்டுப் பிசைவார்கள். பிறகு காயவைப்பார்கள். மறுநாள் மறுபடி பிசைவது, மறுபடி காயவைப்பது. இப்படி இரண்டு மூன்று வாரம் போகும். சாம்பலின் காரம் எண்ணெயை உடைத்து, சோப்புப் போன்ற ஒரு பொருளாக்கி நூலின் உள்ளே ஏற்றுகிறது. பிறகு படிகாரம் ஊட்டும்போது அது இந்தப் பொருளோடு சேர்ந்து நிலைத்துவிடுகிறது. அதைச் சிவப்புச் சாயம் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. ஒரு காலத்தில் அந்தச் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. 1869க்குப் பிறகு ஜெர்மனியில் அதே வகைச் சாயத்தை ரசாயனமாகச் செய்யத் தொடங்கியதும், அலிசரின் என்ற பெயரில் அது இங்கும் வந்து சேர்ந்தது. சாயம் மாறினாலும் எண்ணெயும் சாம்பலும் மாறவில்லை. கறுப்புக்கு இரும்பு.

இனி கணக்குக்கு வருவோம். நான் அரசாங்க அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவன். எனக்கு இதில் ருசி தட்டியது இந்த இடத்தில்தான். புரிவதற்காக ஒரு சுலபமான அளவை நானே வைத்துக்கொள்கிறேன்.

நாற்பது அங்குலச் சதுரத்தில் ஒரு உருமால். அகலத்தில் 10 கட்டம், நீளத்தில் 10 கட்டம். ஆகவே ஒவ்வொரு கட்டமும் 4 அங்குலம். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் சிவப்புத் தரையில் ஒரு வெள்ளை வைரம். அங்குலத்துக்கு 40 ஊடை என்று வைத்தால் ஒரு கட்டத்துக்கு 160 ஊடை, முழு உருமாலுக்கு 1,600 ஊடை. பாவிலும் அதே எண்ணிக்கை.

இந்த 1,600 ஊடையும் உண்மையில் ஒரே நீள நூல்தான். தறியில் இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று மடங்கி மடங்கிப் போகிறது. அப்படியானால் சாயமிடும்போதும் அது அதே நாற்பது அங்குலத்தில் மடங்கி மடங்கி இருக்க வேண்டும். அதற்காக ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். தெலுங்கில் அதற்கு 'ஆசு' என்று பெயர். ஒரு முனையில் ஒற்றை முளை. எதிர்முனையில் வளைவாக வரிசையாய்ப் பல முளைகள். பார்த்தால் விரித்த விசிறிபோல் இருக்கும். நூலை ஒற்றை முளையில் மாட்டி, வளைவில் உள்ள முதல் முளையைச் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தால் இரண்டு ஊடை ஆயிற்று. நம் கணக்குக்கு ஒரு முளைக்கு 4 ஊடை, அதாவது இரண்டு சுற்று. பிறகு அடுத்த முளை. இப்படி நாற்பது முளைக்கும் சுற்றினால் 160 ஊடை. ஒரு கட்டம் முடிந்தது. அடுத்த கட்டத்துக்கு நாற்பதாவது முளையிலிருந்து முதல் முளைக்குத் திரும்பி வரலாம். வைரம் மேலும் கீழும் ஒரே மாதிரி இருப்பதால் தலைகீழாக வந்தாலும் பாதகமில்லை. இப்படி ஐந்து தடவை போய்வந்தால் ஒரு உருமாலுக்கான ஊடை முழுதும் சட்டத்தில் ஏறிவிடும்.

அந்தப் பக்கம் ஏன் வளைவாக இருக்கிறது என்று நான் முதலில் யோசிக்கவில்லை. பெரியவர்தான் கேட்டார், "முளையை ஏன் சார் நேர்க்கோட்டில் அடிக்கல?" என்று. வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நேர்க்கோட்டில் அடித்தால், நடு முளைக்கு 40 அங்குலம் என்றால், பக்கவாட்டில் 10 அங்குலம் தள்ளியிருக்கும் முளைக்கு 41 அங்குலத்துக்கு மேல் ஆகிவிடும். பள்ளியில் படித்த பிதாகரஸ்தான். ஒவ்வொரு ஊடையும் ஒவ்வொரு நீளத்தில் இருக்கும். வட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து வளைவுக்குப் போனால் எல்லாம் ஒரே நீளம். ஒற்றை முளைதான் துணியின் ஒரு கரை, வளைவு மறுகரை. வரைபடத் தாளில் இருக்கும் சதுரக் கோலம் இங்கே விசிறியாக விரிந்திருக்கிறது. தாளில் நெடுக்குக் கோடாக இருப்பது விசிறியில் வளைகோடாகிறது.

இப்போது ஒவ்வொரு முளையிலும் நாற்பது நூல் சேர்ந்த ஒரு கற்றை இருக்கிறது. பத்துக் கட்டத்திலிருந்தும் நாலு நாலு ஊடை. கட்டுபவர் சட்டத்தின் மேல் வளைகோடுகளைக் குறித்துக்கொண்டு, வைரம் வரும் இடங்களில் கற்றையை இறுக்கிக் கட்டுகிறார். வைரத்தின் நுனியை ஒட்டிய முளையில் கட்டு சிறியது, நடு முளையில் பெரியது. அகலத்தில் பத்துக் கட்டம் என்பதால் ஒரு கற்றையில் பத்துக் கட்டு விழும். நாற்பது கற்றைக்கு நானூறு கட்டு. முன்பு இதற்கு நூலையே பயன்படுத்தினார்கள். இப்போது பழைய சைக்கிள் ட்யூபை நாடா நாடாகக் கிழித்துக் கட்டுகிறார்கள். ரப்பர் இழுத்துக் கட்டினால் இறுகும், சாயமும் நுழையாது.

வெள்ளைக்கு இது போதும். கறுப்பும் வேண்டுமென்றால், முதலில் சிவப்பில் முக்கிக் காயவைத்த பிறகு, சிவப்பாகவே நிற்க வேண்டிய இடங்களை மறுபடி கட்டிவிட்டு, மீதியைக் கறுப்புக்கு விட வேண்டும். வெள்ளைக் கட்டுகள் அப்படியே இருக்கும். ஆகவே ஒவ்வொரு நிறமும் ஒரு சுற்று வேலை. மூன்றே நிறத்தோடு அவர்கள் நின்றுகொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பாவுக்கும் இதே வேலையை நீளவாக்கில் செய்ய வேண்டும். சாயமிட்ட பிறகு, ஒவ்வொரு கற்றையிலும் உள்ள நாற்பது நூலைப் பிரித்து, பத்துக் கட்டத்துக்கும் நாலு நாலாக அதனதன் இடத்தில் பரப்பி, விழுதிலும் அச்சிலும் வரிசை தவறாமல் கோத்தெடுக்க வேண்டும். ஊடையை வரிசை மாறாமல் தாரில் சுற்றி, தார்களைக் கோத்து வைக்க வேண்டும். ஒரு தார் முன்பின்னாக மாறிப்போனால், வைரத்தின் இடுப்பு போக வேண்டிய இடத்தில் நுனி வந்து நிற்கும்.

இனித்தான் தறி. கோலம் பொருந்துகிறதா இல்லையா என்பது இங்கே ஒவ்வொரு ஊடையிலும் முடிவாகிறது.

கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்கு ஒரு பயம் உண்டு. ஒரு பக்கத்தில் கூட்டல் தப்பினால் அது அந்தப் பக்கத்தோடு போகாது. அடுத்த பக்கத்துக்கு முன்கொணர்ந்த தொகையாகப் போய், அங்கிருந்து அதற்கடுத்த பக்கம் போகும். ஊடை நூல் அப்படித்தான். சட்டத்தில் இருந்ததைவிடத் துணியின் அகலம் ஒரு மில்லிமீட்டர் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஊடையில் கண்ணுக்கே தெரியாது. ஆனால் நூல் தொடர்ச்சியானது. இரண்டாவது ஊடையில் இரண்டு மில்லிமீட்டர், நாற்பதாவது ஊடையில் நாலு சென்டிமீட்டர். ஒரே அங்குலம் நெய்வதற்குள் வெள்ளை வர வேண்டிய இடத்தில் சிவப்பு வந்து உட்கார்ந்துவிடும்.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. சட்டத்தின் நீளத்தைத் துணியின் அகலத்தைவிடச் சற்றே கூடுதலாக வைக்கிறார்கள். பாவு நூல்களுக்கு மேலும் கீழும் வளைந்து போவதில் ஊடை கொஞ்சம் நீளத்தைத் தின்னும். அதற்கும் சேர்த்து, அதற்குமேல் ஒரு சிறு மிச்சமும் இருக்கும்படி வைக்கிறார்கள். அதனால் பிழை எப்போதும் ஒரே பக்கமாகத்தான் வரும். நூல் மிஞ்சுமே தவிரக் குறையாது. நெசவாளர் நாடாவை ஓட்டியதும் உடனே அச்சை அடிப்பதில்லை. ஊடையின் நிறம் முந்தைய ஊடையின் நிறத்தோடு சேர்கிறதா என்று பார்க்கிறார். இல்லையென்றால் விரலால் நூலைக் கொஞ்சம் இழுத்து, மிச்சத்தைக் கரைக்கு வெளியே சின்ன வளையமாக விட்டுவிட்டு, பிறகு அடிக்கிறார். மிஞ்சிய நூலை வெளியே தள்ளலாம். குறைந்த நூலை எங்கிருந்து கொண்டுவருவது? நல்ல கையிருப்பு வைத்துக்கொண்டு செலவு செய்கிற குடும்பம் மாதிரிதான்.

ஊடை மட்டும் கட்டிய துணியில் இத்தோடு முடிந்தது. பாவும் கட்டியிருந்தால் இன்னொரு சோதனை இருக்கிறது. அச்சை எவ்வளவு அழுத்தி அடிப்பது என்பதுதான் அது. அங்குலத்துக்கு 40 என்று கணக்குப் போட்டு, கை தளர்ந்து 38 விழுந்தால், 160 ஊடைக்கு 4 அங்குலம் போதாது, 4.2 அங்குலம் ஆகிவிடும். பாவில் உள்ள வைரமோ 4 அங்குலத்துக்கு ஒன்று என்று ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. பத்துக் கட்டம் போவதற்குள் ஊடை வைரமும் பாவு வைரமும் இரண்டு அங்குலம் விலகி நிற்கும். அதனால் நெசவாளருக்குப் பாவே அளவுகோல். ஒவ்வொரு கட்டம் தொடங்கும்போதும் பாவின் நிறத்தைப் பார்த்துக் கையின் வேகத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார்.

இது நன்றாக நடந்ததா என்று நம்மைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? நிறத்தைப் பார்த்தால் போதும். சிவப்புப் பாவும் சிவப்பு ஊடையும் சேர்ந்த இடம் நல்ல ரத்தச் சிவப்பாக இருக்கும். வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்த இடம் சுத்த வெள்ளையாக இருக்கும். விலகிய இடத்தில் சிவப்பும் வெள்ளையும் குறுக்கே ஓடி, வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு நிழல் விழும். நல்ல உருமாலிலும் ஓரங்களில் மயிரிழை அளவு இந்த நிழல் இருக்கத்தான் செய்யும், வைரத்தின் சாய்ந்த கோடு நாலு நாலு நூலாகப் படிக்கட்டுபோல் ஏறுவதும் தெரியும். அந்தப் படிக்கட்டும் நிழலும் கையால் செய்ததற்கான ரசீது. நான் வாங்கிய சேலையிலோ ஓரங்களைக்கூட அச்சுக்காரர் வேண்டுமென்றே மங்கலாக்கி வரைந்திருந்தார். ஆனால் அந்த மங்கல் எல்லாப் பூவிலும் ஒரே மாதிரி இருந்தது. நூல் நகர்ந்து வரும் மங்கல் இரண்டு பூவில் ஒரே மாதிரி வராது.

சீராலாவின் கதைக்குத் திரும்புகிறேன். வெளிநாட்டுச் சந்தை சுருங்கச் சுருங்க, அங்கே உருமால் வேலை தேய்ந்தது. ஆனால் நூலைக் கட்டும் வித்தை தெலங்கானாவுக்கு வந்து, அங்கே வேறு உருவில் வளர்ந்தது. 1951இல் வினோபா பாவேக்கு முதல் பூதானம் கிடைத்த போச்சம்பள்ளியும், அதைச் சுற்றியுள்ள ஊர்களும் இதற்குப் பெயர் பெற்றன. பிற்பாடு உருமாலை விட்டுப் பட்டுச் சேலைக்கு மாறினார்கள். 'போச்சம்பள்ளி' என்று நாம் சொல்லும் சேலை அப்படிப் பிறந்ததுதான். எண்ணெய் ஊட்டிய தேலியா உருமாலை விடாமல் வைத்திருப்பதாகப் பெயர்பெற்ற ஊர் புட்டபாகா. 2020இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

உருமாலிலிருந்து சேலைக்கு மாறியதில் ஒரு விஷயத்தைக் கணக்கில் யாரும் எழுதவில்லை. என் சுலபக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். உருமாலுக்கு 1,600 ஊடை. ஐந்தரை மீட்டர் சேலை என்றால் ஏறக்குறைய 216 அங்குலம். அங்குலத்துக்கு 40 என்றால் 8,640 ஊடை. ஒவ்வொன்றுக்கும் ஆசுச் சட்டத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் கை ஒருமுறை போக வேண்டும். சுற்றுபவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். ஒரு சேலைக்குச் சுமார் 9,000 தடவை கையை வீச வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் எண்ணும் இதை ஒட்டியே இருக்கிறது. நாளைக்கு இரண்டு சேலைக்குச் சுற்றினால் பதினெட்டாயிரம். தோளும் முழங்கையும் என்ன ஆகும்? கண்ணும் வேண்டும். ஒரு முளை தவறினால் கோலம் போயிற்று.

சிந்தகிந்தி மல்லேசம் என்ற நெசவாளர் வீட்டுப் பிள்ளையின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 2019இல் தெலுங்கில் படமாகவும் வந்தது. ஏழ்மையால் பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். தாயார் லட்சுமி ஆசு சுற்றிச் சுற்றித் தோள்வலியில் துடிப்பதைப் பார்த்து, அதைச் செய்ய ஒரு இயந்திரம் செய்யப் புறப்பட்டார். பல வருஷம் கடன் வாங்கி, கேலி வாங்கி, 1999இல் முடித்தார். அதற்குத் தாயின் பெயரையே வைத்து 'லட்சுமி ஆசு' என்றார். நாலைந்து மணி நேர வேலை ஒன்றரை மணி நேரமாயிற்று. 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்த ஊர்ப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில், இயந்திரத்தை வீட்டுக்குள் விட்டுவிட்டு, பழைய மரச் சட்டத்தைச் சுவரில் மாட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். அந்த வீட்டு அம்மாவுக்கு என் வயதிருக்கும். சட்டத்தைக் காட்டி என்னவென்று கேட்டதும், தெலுங்கில் ஒன்றும் சொல்லாமல் வலது கையைத் தோளுக்குமேல் தூக்கிக் காட்டினார். கை காது உயரத்தோடு நின்றுவிட்டது. அதற்குமேல் போகவில்லை. எனக்கு அந்தப் பதிலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இயந்திரம் நூலைச் சுற்றத்தான் செய்கிறது. கட்டுவது, சாயமிடுவது, தறியில் ஒவ்வொரு ஊடையையும் விரலால் இழுத்துப் பொருத்துவது எல்லாம் இன்றும் கைவேலைதான். அந்த நேரத்துக்கான கூலி சேலையின் விலையில் இருக்கிறது. அச்சடித்த துணியைக் கைத்தறி விலைக்கு விற்பவர், என்னை ஏமாற்றுவதைவிட இவர்களைத்தான் அதிகம் ஏமாற்றுகிறார்.

அந்தத் தடவை திரும்பும்போது ஊடை மட்டும் கட்டி நெய்த ஒரு பருத்திச் சேலை வாங்கிவந்தேன். நிஜமானது. கரையில் ஆங்காங்கே சின்னச் சின்ன நூல் வளையம் நீட்டிக்கொண்டிருந்தது. முன்பென்றால் நெசவுக் குறை என்று திருப்பிக் கொடுத்திருப்பேன். பெரியவரிடம் காட்டினேன். ஓரத்தைத் தடவிப் பார்த்து, "சரியா இழுத்து விட்டிருக்கான் சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் சேலையைத் திருப்பிக் கொடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

என் மனைவி இரண்டு சேலையையும் கட்டிக்கொள்கிறாள். "ஏங்க, அச்சடிச்சதுன்னு தூக்கியா போட முடியும்? அதுவும் நீங்க வாங்கினதுதானே" என்கிறாள். அந்த நீளக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் அடுத்தமுறை கடைக்குப் போனால், முன்பக்கத்தை விட்டுவிட்டு முதலில் கரையைப் பாருங்கள், பிறகு பின்பக்கத்தை. ஓரத்து நூல் ஒன்றை உருவ அனுமதி கேளுங்கள். நிஜமான சரக்கு வைத்திருப்பவர் மறுக்கமாட்டார்.